நாப்பது ரூவா கருதும் அந்த வீடியோவும்

அந்த வீடியோவ நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. ஏரி ரோட்டுல ஒரு அம்மா சுட்ட சோளக்கருது 40ன்னு சொல்ல, "பத்தடி தள்ளி 30 ரூவாய்க்கு தர்றாங்க, டூரிஸ்ட்னா மொட்டை அடிச்சிருவீங்களா"ன்னு கேமராவ மூஞ்சிக்கு நேரா நீட்டி ஒரு அண்ணன் நியாயம் கேப்பாரே, அதேதான். கீழ கமெண்டுல "கொடைக்கானல் கொள்ளை"ன்னு ஒரே கொண்டாட்டம். நடத்துங்க.

அந்த அம்மா என் சித்தி. அதனால எனக்கு கோவம் வருது, ஒத்துக்குறேன். ஆனா நான் சொல்ல வர்றது கோவம் இல்ல, கணக்கு. 30க்கு வித்தா அவங்களுக்கு கட்டாது. அவ்வளவுதான். பேராசைன்னு எழுதினவங்களுக்கு மறுபடி சொல்றேன், கட்டாது.

எப்படித் தெரியும்னா, போன சீசன்ல வித்துப் பாத்துட்டாங்க.

பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனுசன், அவர குறை சொல்லல. அவர் மகன் மினி லாரி ஓட்டுறான், காய் ஏத்திட்டு ஒட்டன்சத்திரம் பக்கம் இறங்குறவன் திரும்பி வரும்போது தோட்டத்துலயே கருதை லோடா வாங்கிப் போட்டுட்டு வந்துருவான். அவருக்கு ஒரு கருது 13 ரூவாதான் அடக்கம். சித்தி மேல இருக்குற வியாபாரிகிட்ட மூட்டைக் கணக்குல எடுக்குறாங்க, கருது 22. எலுமிச்சம்பழம், உப்பு, மிளகாப்பொடின்னு ஒரு ரூவா. ஆக 23.

அவர் 30ன்னு அட்டைல எழுதி மாட்டுன அன்னிக்கு சாயந்தரம் சித்தி எனக்கு போன் பண்ணி "தம்பி, எல்லாம் அங்கிட்டே போகுதுய்யா, என்ன செய்ய"ன்னு கேட்டாங்க.

40க்கு வித்தப்ப ஒரு நாளைக்கு 80 கருது ஓடும். கருதுக்கு 17 ரூவா நிக்கும், மொத்தம் 1,360, கரிக்கு 300 போனா 1,060. 30 ஆக்கினதும் 110 ஓடுச்சு. ஆனா கருதுக்கு நிக்குறது 7 ரூவாதான், 770. கூட சுடணும்ல, கரி 400. மிச்சம் 370. இதுல தண்டல்காரருக்கு தினம் 200. 20,000க்கு எழுதி 17,000 கைல வாங்கினது, நூறு நாள் கட்டணும். அப்ப வீட்டுக்கு 170 ரூவா. வீட்டுச் செலவு 400.

இதுல கொடுமை என்னன்னா அவங்களுக்கு நட்டம்னே தெரியல. முன்னாடி கல்லாவுல 3,200 விழும், இப்ப 3,300. நூறு ரூவா கூட! வியாபாரம் நல்லா போகுதுன்னு சிரிச்சாங்க. வீட்டுக்கு அரிசி வாங்கினது, கேஸ் வாங்கினது எல்லாம் மறுநாள் சரக்கு எடுக்க வேண்டிய முதல்ல இருந்து போயிட்டு இருந்துச்சு. மூட்டைக்காரர்கிட்ட முழுக்காசு குடுக்க முடியாம "மிச்சம் நாளைக்கு தர்றேண்ணே"ன்னு அவங்க நின்ன அன்னிக்குத்தான் முதலுக்கே மோசம்னு தெரிஞ்சது. இருபது நாள்ல கிட்டத்தட்ட 4,600 போச்சு. தண்டல் மூணு நாள் நின்னுச்சு. அந்த ஆள் ஏரி ஓரமா கூட்டத்துக்கு நடுவுல பேசின பேச்ச இங்க எழுத முடியாது. கம்மல் அடகுக்குப் போச்சு.

"நிறைய வித்தா சரியாயிடும்ல"னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கார், படிச்சவர் போல. கரி அதே 400ன்னே வச்சாலும், பழைய 1,060 கைக்கு வரணும்னா கிட்டத்தட்ட 210 கருது விக்கணும் சார். அடுப்புல ஒரு நேரத்துக்கு மூணு கருதுதான் வைக்க முடியும், விசிறி விசிறி சுட அஞ்சு நிமிசம் ஆகும். கூட்டம் வர்றது நாலு மணி நேரம், அதுக்குள்ள மஞ்சு இறங்கிட்டா ரோட்டுல ஈ காக்கா இருக்காது. விடாம சுட்டாலும் 144. நீங்க வந்து விசிறுறீங்களா?

"அவங்களும் லோடா வாங்கலாமே"? வாங்கலாம், லாரி யாரு, உங்க மாமனாரு குடுப்பாரா. "எங்க விலை கம்மியோ அங்க வாங்குறது எங்க உரிமை"? சரி, அது நியாயம், பத்தடி நடந்து போய் 30க்கு வாங்கிக்கங்க, யாரும் கைய புடிச்சு இழுக்கல. இதுக்கு வீடியோ எதுக்கு?

அப்புறம் மறுபடி 40ன்னு மாத்த வச்சோம். முத்துன கருது, இளசு ரெண்டையும் பிரிச்சு வச்சு, கேட்டு சுட்டுத் தர்றாங்க. 60தான் ஓடுது. கரி 250, தண்டல் 200 போக 570 நிக்குது. 110 வித்து 170 எடுத்ததுக்கு 60 வித்து 570. இடுப்பு வலியும் கம்மி.

எல்லாரையும் திட்டிட்டேன், ஒண்ணு பாக்கி இருக்கு. அன்னிக்கு போன்ல "நீயும் 30 ஆக்கு சித்தி, நிறைய ஓடும்"னு சொன்னது நான்தான். பி.காம். முடிச்சவன். அடக்கம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவங்க இன்னிக்கு வரைக்கும் அத சொல்லிக் காட்டினதில்ல, சொல்லியிருந்தா கூட பரவால்லன்னு இருக்கு.

வீடியோவ இன்னொரு தடவ பாக்குறவங்க, அந்த அண்ணன் கேமராவ சித்தி மூஞ்சிக்கு நேரா நீட்டுற இடத்துல நிறுத்திப் பாருங்க. காதுல கம்மல் இல்ல, ஓட்டை தூந்துறக் கூடாதுன்னு ஈர்க்குச்சி சொருகியிருப்பாங்க.