காலையில் நான் ஏன் பேசுவதில்லை

(என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதம் இது. அவளும் இப்போது டீச்சர். "மத்த டீச்சருங்களும் படிக்கட்டும், போடுங்க" என்றாள். போடுகிறேன்.)

அன்புள்ள கண்ணு,

காலையில் நீ போன் செய்தபோது நான் பேசவில்லை, எங்கள் வீட்டு சார் எடுத்து என்னவோ சொல்லி வைத்துவிட்டார் என்று வருத்தப்பட்டு மெசேஜ் போட்டிருக்கிறாய். அவருக்குக் காது மந்தமாகி ரொம்ப நாளாகிறது. நீ சொன்னதில் பாதிகூட அவருக்கு விழுந்திருக்காது. உன் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. விரதமும் இல்லை. எதிர்வீட்டு அக்கா நான் வேண்டுதல் வைத்து மௌனம் இருப்பதாகத் திருவாரூர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அதை மறுப்பதென்றால் பேச வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்.

காரணம் தொண்டைதான். சாயங்காலம் உன்னோடு பேசியபோது உன் குரலிலும் அந்தக் கரகரப்பு இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கூடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்து வகுப்புக்கு ஒரு தட்டி மறைப்பு, அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு கேட்பது இந்தப் பக்கம் செய்யுளோடு கலக்கும். ஐப்பசி மழை கூரையில் இறங்கினால் எனக்கே என் குரல் கேட்காது. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே நம் குரலும் ஏறும். 1911-லேயே பிரான்சு தேசத்து டாக்டர் லொம்பார் என்பவர் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். டீச்சர் குரல் ஏற ஏற அதற்கு மேலே பிள்ளைகள் குரல் ஏறும். இந்த ஏலத்தில் 60 பேரை ஒருத்தி ஜெயிக்கவே முடியாது.

தொண்டைக்குள் குரல்நாண் என்று இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன. பேசும்போது அவை ஒன்றோடொன்று மோதித்தான் சத்தம் பிறக்கிறது. ஆண்களுக்கு விநாடிக்கு 100, 120 தடவை மோதும் என்றால் பெண்களுக்குச் சுமார் 200 தடவை. கணக்கு போட்டுப் பார். 40 நிமிஷ வகுப்பில் 15 நிமிஷம்தான் நிஜமாகக் குரல் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 900 விநாடி, 1,80,000 மோதல். ஒரு நாளைக்கு 6 வகுப்பு என்றால் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. கத்தும்போது சுருதியும் ஏறுவதால் எண்ணிக்கை இன்னும் கூடும், மோதலும் பலமாக விழும். வருஷா வருஷம் "எழுத்துகளின் பிறப்பு" நடத்தியவள் நான். இது எதுவும் அந்தப் பாடத்தில் இல்லை, பி.எட். படிப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சர்வீஸின் கடைசி வருஷங்களில் தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்துக்கொண்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு "ஈ... சொல்லுங்கம்மா" என்றார். திரையில் வெள்ளையாக இரண்டு பட்டைகள். முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டிலும் எதிரெதிரே ஒரு சின்ன மேடு. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுமே, அதேதான். பட்டைகள் மூடும்போது மேடும் மேடும் முதலில் முட்டிக்கொள்கின்றன, முன்னாலும் பின்னாலும் இடைவெளி நிற்கிறது. அந்த இடைவெளியில் காற்று ஒழுகுவதால்தான் குரல் கரகரக்கிறது, பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

ஆபரேஷன் உடனே வேண்டாம் என்று ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார். சின்னப் பெண், என் பேத்தி வயசு. அவள் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் காய்ப்பு கரையாது. ஓய்வு கொடுத்தால் வீக்கம் வடியும், ஆனால் மறுபடி பழையபடி கத்தினால் மறுபடி வரும். பேசும் விதம் மாற வேண்டும். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று மெதுவாக ஊதச் சொன்னாள். பிள்ளைகள் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் குரல்நாண்கள் அடித்துக்கொள்ளாமல் மெத்தென்று அதிரப் பழகுவது அதில்தான். சில வாரங்களில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

ஆகவே காலை முழுக்கப் பேசாமல் இருக்கச் சொல்லி எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அது என் கணக்கு. சாயங்காலம் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லிக் கொடுக்கிறேன். குரலை அதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் என் வீட்டில் மோட்டார் ஓடும், மிக்சி ஓடும், சார் டிவியை உச்சத்தில் வைத்திருப்பார். அவரிடம் "காபி வேணுமா" என்று கேட்கக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். இந்த இரண்டு வார்த்தைக்குச் செலவாகிற குரலில் ஒரு கதையே வாசித்துவிடலாம். அதனால் ஒரு சிலேட்டு வாங்கி அடுப்படி வாசலில் மாட்டியிருக்கிறேன். அவரும் பதிலை அதிலேயே எழுதுகிறார், எழுத்துப்பிழையோடு.

குசுகுசுவென்று பேசினால் ஓய்வு என்று நினைக்காதே. பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். கனைப்பதும் அப்படித்தான், மடிப்புகளைப் பட்டென்று அறைகிற வேலை. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடி. அந்தத் தண்ணீரோ பனங்கற்கண்டோ குரல்நாணைத் தொடாது, விழுங்குவதெல்லாம் வேறு குழாயில் போகிறது. உடம்பில் நீர் சேர்ந்துதான் அங்கே ஈரம் வரும், அதனால் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிரு.

உன் தொண்டை எந்த நிலையில் இருக்கிறது என்று நீயே ஓரளவு பார்க்கலாம். ஒரு வரியை மேல் சுருதியில், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பாடுகிற அளவுக்கு மெதுவாகப் பாடு. சத்தம் தாமதமாக வந்தாலோ வெறும் காற்றாக வந்தாலோ வீக்கம் இருக்கலாம். சத்தமாகப் பாடினால் இது தெரியாது. திங்கட்கிழமை சரியாக இருந்து வெள்ளிக்கிழமை கம்மிப் போகிறதா என்றும் கவனி. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகாவிட்டால் கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு. கரகரப்புக்கு வேறு காரணங்களும் உண்டு, சில பெரிய விஷயமாகவும் இருக்கலாம். உள்ளே பார்க்காமல் சொல்ல முடியாது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. "தொண்டை கட்டும் வரைக்கும் நடத்துவாங்க" என்பதை நம் ஊரில் பாராட்டாகச் சொல்கிறார்கள். வராந்தாவில் நடந்து வருகிற தலைமை ஆசிரியருக்கு எந்த வகுப்பிலிருந்து குரல் வருகிறதோ அங்கேதான் பாடம் நடக்கிறது. சுண்ணாம்புக்கட்டி தீர்ந்தால் வாங்கித் தருகிற பள்ளிக்கூடம், டீச்சர் குரல் போனால் மிளகு மெல்லச் சொல்கிறது.

நீ பள்ளியில் மைக் கேள். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, தலையில் மாட்டுகிற மைக், அவ்வளவுதான். சட்டையில் குத்துவதைவிடத் தலையில் மாட்டுவது நல்லது, நீ போர்டு பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது. போட்ட பிறகும் பழக்கத்தில் கத்தாதே, வீட்டில் பேசுகிற மாதிரி பேசு. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடு, கூட இன்னும் இரண்டு டீச்சர்களின் கையெழுத்தும் வாங்கு. தமிழ் டீச்சரும் பி.டி. சாரும் கட்டாயம் போடுவார்கள். அவர்கள் குரலைக் கேட்டாலே உனக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
உன் டீச்சர்