அலைப்பொதி விரிவது எதனால்?

“குழுத் திசைவேகமும் கட்டத் திசைவேகமும் வேறுபடுவதால்தான் கட்டற்ற எலக்ட்ரானின் அலைப்பொதி விரிகிறது.”

தவறு. கோண அதிர்வெண் ω, அலை எண் k-ஐப் பொறுத்து ω = a + bk என மாறி, a ≠ 0 என்றால் இரண்டும் வேறுதான்; ஆனாலும் பொதி துளியும் விரியாது. உள்ளே அலைமுகடுகள் நகர்ந்துகொண்டிருக்கும், உறை அப்படியே போகும்.

கட்டற்ற துகளுக்கு ω = ħk²/2m. குழுத் திசைவேகம் ħk/m, கட்டத் திசைவேகம் அதில் பாதி. குழுத் திசைவேகமே k-ஐப் பொறுத்து மாறுவதுதான் விரிவுக்குக் காரணம்: வேகமான கூறுகள் முந்துகின்றன, மெதுவானவை பிந்துகின்றன. சராசரி k சுழியாக இருந்து, பொதி நின்ற இடத்திலேயே இருந்தாலும் இதே அளவு விரியும்.

காஸியன் பொதியின் தொடக்க அகலம் σ₀ (திட்ட விலக்கம்) 1 நானோமீட்டர் என்போம். திசைவேகச் சிதறல் ħ/2mσ₀, அதாவது நொடிக்குச் சுமார் 58 கிலோமீட்டர். ஏறத்தாழ 17 ஃபெம்டோநொடியில் அகலம் √2 மடங்காகும். உந்தப் பரவலோ மாறுவதே இல்லை.