சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்த ஷிப்ட் டைம்

ஷிப்ட் டைமை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனி என்றால் ஆர்டர் கூடும், குறையும், டைமும் மாறும். ஆனால் சனிக்கிழமை ராத்திரி எட்டே முக்காலுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, "திங்கள் முதல் அமல்" என்று எழுதுவதற்குப் பெயர் அறிவிப்பா? அதற்குக் கீழே நாலு பேர் கட்டைவிரலைப் போட்டதும் "அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள்" என்று ஹெச்.ஆர். மேலே அனுப்பிவிட்டாராம். கட்டைவிரல் போட்ட நாலு பேரும் சூப்பர்வைசர்கள்.

எங்கள் கம்பெனி ஓசூரில். பெயர் வேண்டாம். பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற ஆட்கள்தான் லைனில் பாதிக்கு மேல். ஆறு - ரெண்டு, ரெண்டு - பத்து, பத்து - ஆறு என்று வருஷக்கணக்காக ஓடிய டைமை ஏழு - மூணு, மூணு - பதினொண்ணு, பதினொண்ணு - ஏழு என்று தள்ளிவிட்டார்கள். "ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாமேப்பா, நல்லதுதானே" என்கிறார் ஹெச்.ஆர். அவர் வீடு கம்பெனியிலிருந்து பத்து நிமிஷம்.

பி ஷிப்ட் அக்காக்களைக் கேட்டால் தெரியும் அந்த ஒரு மணி நேரம் எங்கே போய் இடிக்கிறது என்று. முன்பு பத்துக்கு முடித்து, பதினொன்றரை வாக்கில் பஸ் இறக்கிவிடும். வீட்டுக்காரரோ தம்பியோ வண்டி எடுத்து வந்து மெயின் ரோட்டில் நிற்பார்கள். இப்போது இறங்குவதே பன்னிரண்டரை. தக்காளி பறிக்கிற நாட்களில் அதே வீட்டுக்காரர் விடியற்காலையில் கிரேட் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போக வேண்டும். அவர் எப்போது தூங்குவது? ராத்திரி வேலைக்குப் பெண்களிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பத்து மணிக்கு முடியும் என்று நம்பிப் போட்ட கையெழுத்தைப் பதினொன்றுக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

இதையெல்லாம் முன்கூட்டியே பேசித் தீர்க்கத்தான் 21 நாள் என்று ஒன்று இருக்கிறது. பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவு என்று யூனியன்காரர்கள் சொல்வார்களே, அதுதான். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, பழைய சட்டமெல்லாம் போச்சு என்று ஹெச்.ஆர். சொல்லிக்கொண்டு திரிகிறார். பழைய சட்டம் போனது நிஜம். ஆனால் அதே 21 நாள் புதுச் சட்டத்தில் 40ஆம் பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வேலை நேரத்தையோ இடைவேளையையோ மாற்றுவதென்றால், பாதிக்கப்படுகிற தொழிலாளிக்கு என்ன மாறுகிறது என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்து 21 நாள் ஆகும்வரை மாற்றக் கூடாது. 3ஆம் தேதி நோட்டீஸ் என்றால் 25ஆம் தேதி முதல் மாற்றலாம். நமக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இதில் ஒரு குழப்பத்தை வேண்டுமென்றே கிளப்புகிறார்கள். "ஏ ஷிப்ட் ஆளை பி ஷிப்டுக்குப் போடுவதற்கெல்லாம் நோட்டீஸ் கேட்பீர்களா?" என்று. கேட்கவில்லை ஐயா. கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில் சொன்ன சுழற்சிப்படி வாரா வாரம் ஆளை மாற்றிப் போடுவது வேறு. அந்த ஷிப்ட் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடியும் என்பதையே மாற்றுவது வேறு. முதலாவதற்கு ரோஸ்டர் போதும். ரெண்டாவதற்குத்தான் நோட்டீஸ்.

அடுத்த சாக்கு, "அவசர நிலை". புதுச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். அவசரம் என்றால் 21 நாள் இல்லாமலே ஷிப்டை மாற்றலாம். ஆனால் அந்த வரியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் படிக்கிறார்கள். குறைதீர்ப்புக் குழுவைக் கலந்தாலோசித்துத்தான் மாற்ற வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வெடித்தது, ஷெட்டில் தண்ணீர் புகுந்தது என்றால் அவசரம், ஒத்துக்கொள்கிறேன். லாரி லோடிங் டைமுக்கு வசதியாக இருக்கட்டும் என்பது என்ன அவசரம்? சரி, அவசரம் என்றே வைத்துக்கொள்வோம். குழு எங்கே? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும், நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சரிசமமாக உட்கார வேண்டும். எங்கள் கேன்டீன் சுவரில் அதற்கு ஒரு போர்டு இருக்கிறது. அதில் இருக்கிற ரெண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். மீதி இருக்கிற அண்ணனைக் கேட்டால், "போன் பண்ணி, டைம் மாறுதுன்னாங்கப்பா, சரின்னு வெச்சுட்டேன்" என்கிறார். முடிவெடுத்த பிறகு சொல்வது தகவல். முடிவுக்கு முன்னால் கூப்பிட்டு, பஸ் எத்தனை மணிக்கு, ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு என்று கேட்டு, பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் ஆலோசனை.

திங்கட்கிழமைக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மெசேஜைப் பார்க்காத ஆட்கள் வழக்கம்போல் அஞ்சே முக்காலுக்கே கேட்டில் வந்து நின்றார்கள். பனியில் ஏழு மணி வரைக்கும் வெளியே. கேட் பக்கத்தில் ஒட்டியிருக்கிற வேலை நேர அறிவிப்பில் அப்போதும் ஆறு - ரெண்டு என்றுதான் இருந்தது. ஒட்டியிருக்கிற அறிவிப்புக்கு மாறாக வேலை வாங்கக் கூடாது என்பது 1948 தொழிற்சாலைச் சட்டக் காலத்து விதி. அதை மாற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் பஞ்ச் மெஷினில் மட்டும் புது டைமைச் சரியாக ஏற்றியிருந்தார்கள்!

அதன் விளைவைப் பாருங்கள். ஞாயிறு ராத்திரி சி ஷிப்ட் ஆட்கள் பழைய டைம்படி பத்துக்கே உள்ளே வந்துவிட்டார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை, மெஷினில் வேலையும் வாங்கினார்கள். காலையில் ஏ ஷிப்ட் ஏழுக்குத்தான் வரும் என்பதால் ஏழு வரை விடவில்லை. பத்திலிருந்து ஏழு. ஆனால் பஞ்ச் மெஷினுக்குத் தெரிந்த ஷிப்ட் பதினொண்ணு - ஏழு. முதல் ஒரு மணி நேரம் "சீக்கிரம் வந்தது" என்று கழிந்துபோனது. ரெட்டைச் சம்பளம் கேட்க வேண்டிய மணி நேரம் கணக்கிலேயே இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், நாம் வேண்டாம் என்றாலும் அவர்களால் மாற்ற முடியும். நம் சம்மதம் வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனால் அந்த 21 நாளுக்குள் நாம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, தொழிலாளர் துறையில் தகராறாக எழுப்பி, சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடியும்வரை அந்த விஷயத்தில் நமக்குப் பாதகமாக நிலைமையை மாற்றக் கூடாது. நம் கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான். வாட்ஸ்அப் மெசேஜ் பிடுங்கியதும் சரியாக அதையேதான்.

மனு எழுதியாச்சு. கம்பெனிக்கு ஒன்று, தொழிலாளர் துறைக்கு ஒன்று. அந்த வாட்ஸ்அப் படம், திங்கட்கிழமை எடுத்த கேட் போர்டு போட்டோ ரெண்டையும் தேதியோடு சேர்த்திருக்கிறோம். இன்னும் வேண்டியது சி ஷிப்ட் ஆட்களின் சம்பளச் சீட்டு. அந்த ஞாயிறு ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறான் என்று பாருங்கள். பத்திலிருந்து வேலை பார்த்தும் எட்டு என்றே இருந்தால் ஜெராக்ஸ் எடுத்து, வியாழக்கிழமைக்குள் பஸ்ஸிலேயே என்னிடம் கொடுத்துவிடுங்கள். குரூப்பில் போட வேண்டாம், அங்கே ஹெச்.ஆர். இருக்கிறார்.