மூன்று மாதக் கெடு யாருக்கு?

"உச்ச நீதிமன்றம் 3 மாசத்துல மலக்குழித் தொழிலாளர் கணக்கெடுப்பை முடிக்கச் சொல்லிருச்சு. காரைக்குடியில ஆரம்பிக்கவே இல்லை, நம்ம ஊர் அதிகாரிங்க மேல அவமதிப்பு வழக்குப் போடலாம்."

அந்தக் கெடு ஊர் நிர்வாகத்துக்கு இல்லை. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் பொதுநல வழக்கில் வந்த தீர்ப்பு அது. கணக்கெடுப்பை எப்படி நடத்துவது என்று வகுக்கத்தான் 3 மாதம். அந்த வேலை துப்புரவுத் தொழிலாளர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தேசிய ஆணையங்களுக்கும் ஒன்றிய சமூகநீதித் துறைச் செயலாளருக்கும். கணக்கெடுப்பை முடிக்க அடுத்த ஓராண்டு. அதுவும் இயன்றவரை என்ற அளவில்தான். அவமதிப்பு மனுவில் தவறான ஆளைச் சேர்த்தால் மனுதான் அடிபடும், பாதிக்கப்பட்ட குடும்பம் இன்னும் காத்திருக்கும்.

இழப்பீடு 30 லட்சம் என்று அண்ணன் ஒருவர் சொன்னது சரி. ஆனால் அது உயிரிழப்புக்கு. பிழைக்க வழியில்லாமல் ஆக்கும் நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல். ஒப்பந்தக்காரர் வைத்த ஆள் என்று கைகழுவவும் முடியாது. ஒப்பந்தத்தை ரத்து செய்யவும், பணப்பொறுப்பு சுமத்தவும் வழிமுறை வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய வீட்டு மலக்குழித் தொட்டியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யலாமா என்று தேவகோட்டை ஆச்சி கேட்டது வேறு விஷயம். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்க 2013 சட்டமே தடை போடுகிறது, வீட்டுக்காரருக்கும் சேர்த்து. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள் ஆச்சி. சந்துக்குள் லாரி வராது என்றால், நீளக் குழாய் உள்ள வண்டியாகக் கேளுங்கள்.