தெருவிளக்கு கேள்விய ஏன் அடிச்சீங்க?

ஆறாம் வகுப்பு கேள்வித்தாள் விஷயம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். உள்ளாட்சி பாடத்துக்கு நான் எழுதின அஞ்சு மார்க் கேள்விய சிவப்பு மையில அடிச்சுட்டு, "கிராம சபை வருடத்திற்கு எத்தனை முறை கூடும்?"னு மாத்திட்டாங்க. நான் கேட்டது இதுதான்: "உங்க தெருவுல விளக்கு ஒரு வாரமா எரியல. யார்கிட்ட சொல்லுவ? ஏன் அவங்ககிட்ட?"

இது புக்ல இல்லையாம். தெருவிளக்கு ஊராட்சியோட வேலைன்னு புக்லதாங்க இருக்கு, நான் அத புள்ளைங்க தெருவுக்குக் கொண்டு வந்தேன், அவ்ளோதான்.

எங்கப்பா எங்க தெரு விளக்குக்காக மனு எழுதிக்கிட்டு மூணு தடவ விஏஓ ஆபீசுக்கு நடந்தாரு. விஏஓ வருவாய்த்துறை, பட்டா சிட்டா பாக்குறவரு, விளக்குக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லன்னு மூணாவது தடவதான் ஒருத்தர் சொன்னாரு. அப்புறம் ஈபி ஆபீசு. அங்க "கம்பமும் லைனும் எங்களோடது, பல்பு மாத்துறது பஞ்சாயத்து"ன்னுட்டாங்க. கடைசில ஊராட்சி செயலர்கிட்ட சொன்ன மறுநாளே பல்பு மாட்டிட்டாங்க. எங்கப்பா எட்டாவது வரைக்கும் படிச்சவரு, படிச்சும் இது தெரியல, அந்த மனுவ மடிச்சு சட்டப்பையில வச்சுக்கிட்டு வெயில்ல நடந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

அதனாலதான் இந்தக் கேள்வி. பல்பு போனா ஊராட்சி, கம்பி அறுந்தா மின்வாரியம். இந்த ரெண்டையும் புள்ள பிரிச்சு எழுதிட்டா பாடம் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். டவுன் புள்ளைங்களுக்கு ஊராட்சிக்குப் பதிலா பேரூராட்சி இல்ல நகராட்சி. சென்னைல கேக்கணும்னா தெருவுல நிக்கிற தண்ணிய வச்சுக் கேளுங்க, மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீர் குழாய் மெட்ரோ வாட்டர்.

"ஆளுக்கொரு பதில் எழுதுவாங்க, எப்படித் திருத்துறது?"ன்னு ஒரு சார் கேட்டாரு. சரியான அலுவலகத்துக்கு ரெண்டு மார்க், காரணத்துக்கு மூணு. திருத்த நேரம் ஆகும்தான், ஒத்துக்குறேன். "அரசியல் ஆயிடும்"னு இன்னொருத்தர். பல்பு எரியலன்னு சொல்றதுல என்னங்க அரசியல்? அதுக்கு மேல அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரல.

நீங்க மாத்தின கேள்விக்கே வாங்க. ரொம்ப வருசம் நாலுன்னு சொல்லிக் குடுத்தோம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022ல மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டையும் சேர்த்து ஆறுன்னு ஆயிருச்சு. போன தடவ கிராம சபைக்கு அம்மாகூட போன புள்ள ஆறுன்னு எழுதுது, பழைய ஆன்சர் கீய வச்சுத் திருத்துறவங்க அதத் தப்புன்னு போடுறாங்க. அந்தப் புள்ள முகத்த நான் எப்படிப் பாக்குறது?

போன வாரம் வகுப்புல என் தெருவிளக்கு கேள்விய வாயால கேட்டேன். கடைசி பெஞ்சு பையன், வாயே தொறக்காதவன், எந்திரிச்சு "டீச்சர், எங்க வீட்டு முன்னாடி கம்பில கிளை சாஞ்சு கிடக்கு, அது ஈபிதான?"ன்னான். ஆமாடா, யாரும் கிட்ட போகாதீங்கன்னேன். சாயங்காலமே அவங்கப்பாவ இழுத்துக்கிட்டு ஈபி ஆபீசுல போய்ச் சொல்லிட்டு வந்திருக்கான்.

அரையாண்டுக்கும் இதே கேள்வியத்தான் எழுதிக் குடுப்பேன். அடிக்கிறதா இருந்தா பக்கத்துல காரணத்த எழுதி அடிங்க.