வெட்டப்பட்ட படமும் விடுபட்ட ஒன்றரைப் பக்கமும்

தாமதமாக வந்துகொண்டிருந்த ஓர் ஊழியருக்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் வெட்டி, ‘மனிதாபிமானமற்ற மெமோ’ என்று பரப்பியிருக்கிறார்கள். உங்களில் பலருக்கும் அந்தப் படம் வந்திருக்கும். அதற்கு மேலே இருந்த ஒன்றரைப் பக்கத்தை எவரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

பணி தொடங்கும் நேரம் காலை 9.00. ஆறு வாரங்களில் அவர் 11 நாட்கள் தாமதம் என்று வருகைப் பதிவேடு காட்டியது. அவற்றில் இரண்டு நாட்களுக்கு முன்னனுமதி பெற்றிருந்தார். ஒரு நாள் விரல்ரேகைக் கருவியே பழுதாகியிருந்தது. அந்த மூன்றையும் நீக்கிவிட்டு, மீதி எட்டு நாட்களை மட்டும் தேதி, வந்த நேரம், தாமதமான நிமிடங்கள் என வரிசையாக எழுதினேன்.

‘அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்தான். பல ஆண்டுகளுக்கு முன் எனக்கே அப்படியொரு கடிதம் வந்தது. எந்த நாள் என்றே தெரியாத குற்றச்சாட்டுக்கு என்ன பதில் எழுதுவதென்று புரியாமல், இரண்டு இரவுகள் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி, தேதி என்று நான் அடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

‘நேரில் சொல்லியிருக்கலாமே’ என்கிறார்கள். மூன்றாம் தாமதத்துக்குப் பிறகும் ஆறாம் தாமதத்துக்குப் பிறகும் சொன்னேன். வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லை என்றார், 9.30க்கு வந்து மாலையில் அரைமணி கூடுதலாக இருங்கள் என்றேன், வேண்டாமென்றார். இத்தனையும் தேதியுடன் கடிதத்தில் இருக்கிறது. இரக்கமுள்ள பெருமக்கள் அந்தப் பத்தியையும் படமெடுத்திருக்கலாம்.

‘மற்றவர்களும்தானே தாமதமாக வருகிறார்கள்’ என்ற கேள்வியில் மட்டும் நியாயம் இருக்கிறது. எழுதுவதற்கு முன் அதே ஆறு வாரங்களுக்கு எல்லோருடைய பதிவையும் பார்த்தேன். இன்னொருவர் ஏழு நாட்கள் தாமதமாக வந்திருந்தார். அவரிடம் ஒருமுறைகூட நான் பேசியிருக்கவில்லை. அது என் தவறு. அன்றே அவரிடம் பேசிக் குறித்துவைத்தேன், ஆனால் இவருடைய கடிதத்தை நிறுத்தவில்லை. அது சரியா என்று கேட்டால், முழுமனதோடு ஆம் என்று சொல்ல இன்றும் நா எழவில்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற கடைசிப் பத்தி. மூன்று மாதங்களுக்குள் காரணமின்றி மீண்டும் தாமதமானால் ஒழுங்கு விசாரணை தொடங்கப்படலாம் என்பதுதான் அதில் இருக்கிறது. பணிநீக்கம் என்ற சொல்லே இல்லை. விசாரிக்கும் முன்பே தண்டனையை எழுதிவைக்க எனக்கு உரிமை கிடையாது. அதற்கு நேர் மேலே, எந்தத் தேதியேனும் தவறென்றால் ஐந்து நாட்களுக்குள் எழுதித் தாருங்கள், சரிபார்த்துத் திருத்துகிறேன் என்றும், மூன்று மாதங்கள் ஒழுங்காகக் கழிந்தால் இக்கடிதம் கணக்கில் கொள்ளப்படாது என்றும் எழுதியிருந்தேன். அவர் இட்ட கையொப்பம்கூடப் பெற்றுக்கொண்டதற்கே தவிர, ஒப்புக்கொண்டதற்கு அன்று.

ஐந்து நாட்களில் இன்று மூன்றாம் நாள். ஊரார் கருத்துகள் வந்து குவிகின்றன. அவருடைய விளக்கம் இன்னும் வரவில்லை. கோப்பில் அதற்கான இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.