அக்வினாஸ் அப்படிச் சொல்லவே இல்லைங்க

"இயற்கையில இல்லாதது எல்லாம் பாவம், இதுதான் இயற்கைச் சட்டம், தாமஸ் அக்வினாஸே சொல்லிருக்கார்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது.

தப்புங்க. அக்வினாஸ் ஒரு கிறிஸ்தவ இறையியலாளர், தத்துவவாதி; இயற்கைச் சட்டம்னு அவர் சொல்றது, எது சரி எது தப்புன்னு மனுஷன் தன் பகுத்தறிவாலேயே புரிஞ்சுக்கற ஒழுக்க விதிகளை. 13ஆம் நூற்றாண்டுல அவர் எழுதின 'சும்மா தியாலஜிக்கா'ங்கற புத்தகத்துல ரெண்டாம் பாகத்தோட முதல் பகுதி, 94வது கேள்வியைப் பாருங்க, ஆன்லைன்லயே ஃப்ரீயா இருக்கு. நல்லதைச் செய், கெட்டதைத் தவிர்னுதான் ஆரம்பிக்கிறார், அப்புறம் உயிரைக் காப்பாத்திக்கறது, பிள்ளை பெத்து வளர்க்கறது, உண்மையைத் தேடறது, சமூகமா வாழறதுன்னு மனுஷனோட இயல்பான நாட்டங்களைச் சொல்லி, இதையெல்லாம் பகுத்தறிவுதான் ஒழுங்குபடுத்தணும்ங்கறார். அதுலயே அஞ்சாவது பிரிவுல துணி பத்தியே பேசறார்: இயற்கை நமக்கு உடை கொடுக்கலை, மனுஷன்தான் கண்டுபிடிச்சான், ஆனா அது இயற்கைச் சட்டத்துக்கு விரோதம் இல்லை, அதுக்கு மேல கூடுதலா சேர்ந்தது, அவ்வளவுதான். இவர் வாதத்தை ஏத்துக்காத தத்துவவாதிகளும் நிறைய உண்டு, அது வேற சண்டை. அந்த மெசேஜை மட்டும் இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க ப்ளீஸ்.